ஒரு காபி டம்ளர் இடத்தில் எதை வைப்பது? கீமோ நாட்களில் பசியில்லாதவருக்கு ஐந்து வழிகள்

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு மருமகள் தன் மாமியாரை மதுரைக்குக் கூட்டி வந்திருந்தார். மாமியாருக்கு வயது 62. மார்பகப் புற்றுநோய், 21 நாளுக்கு ஒரு கீமோ. முதல் கீமோவுக்கு வந்த அன்று எடை 47 கிலோ. மூன்றாவதுக்கு வந்தபோது 44.

"காலைல கஞ்சி, சாயந்திரம் ஆட்டுக்கால் சூப்பு, ராத்திரி பாலு. எதையும் விடாமத்தான் கொடுக்கிறேன் மேடம். அத்தைக்கு எதுவும் வாய்க்கு வெளங்கல. பக்கத்து வீட்டுல டப்பா பவுடர் வாங்கச் சொல்றாக, எங்க மதினி முட்டையக் குடுன்னு சொல்றாக. எதத்தான் கொடுக்கிறது?"

டயட்டீஷியனாக என் மேசைக்கு வரும் கேள்விகளில் இதுதான் அதிகம். கஞ்சி, முட்டை, பால், சூப்பு, டப்பா பவுடர் ஆகிய இந்த ஐந்துக்குள்தான் எல்லா வீடுகளும் சுற்றுகின்றன. ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்த்தால்தான் எந்த நாளுக்கு எது என்று தெரியும்.

## முதலில் எதை வைத்து அளப்பது

கீமோ எடுப்பவர் ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிட முடிகிறதோ அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும் இடம். அது பெரும்பாலும் ஒரு காபி டம்ளர், ஏறக்குறைய 150 மில்லி. ஆகவே "இது சத்தானதா?" என்று கேட்பதைவிட "இந்த 150 மில்லிக்குள் எவ்வளவு கலோரி, எவ்வளவு புரதம்?" என்று கேட்க வேண்டும். தண்ணீராக இருப்பது எதுவானாலும் அந்த இடத்தைத் தின்றுவிடும்.

தேவைக்கு ஒரு கணக்கு உண்டு. சிகிச்சையில் இருப்பவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி, குறைந்தது 1 கிராம் புரதம், முடிந்தால் 1.5 கிராம் வரை. 44 கிலோ அம்மாவுக்கு அது சுமார் 1,100 முதல் 1,300 கலோரி, 44 முதல் 66 கிராம் புரதம். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குப் புரத அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, விழுங்க முடிகிறதா, வாடை பிடிக்கிறதா. கீமோவுக்குப் பிறகு பலருக்கு வாயில் இரும்பை வைத்தது போல ஒரு ருசி இருக்கும். கறி, முட்டை வாடையே ஆகாது. மூன்றாவது, கிருமி. கீமோ போட்ட 7-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள் வரை பொதுவாக வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது அரைவேக்காடும் கடைப் பண்டமும் ஆபத்து. நான்காவது, கண்ணுக்குத் தெரியாத செலவு. அதில் பணம் மட்டுமில்லை, அடுப்படியில் நிற்பவரின் உழைப்பும் சேரும்.

## ஒரே பார்வையில்

| ஒரு காபி டம்ளர் (சுமார் 150 மில்லி) | கலோரி | புரதம் | எப்போது நல்லது | எங்கே இடறும் |
|---|---|---|---|---|
| வெறும் அரிசிக் கஞ்சி | 50 | 1 கிராம் | வாந்தி நாட்களில் தொண்டையை நனைக்க | வயிறு நிறையும், உடம்பு நிறையாது |
| பாலில் காய்ச்சிய சத்துமாவுக் கஞ்சி | 300-க்கு மேல் | 9–10 கிராம் | பசி ஓரளவு திரும்பும் நாட்கள் | கெட்டிப்படும், வேலை அதிகம் |
| முட்டைப் புட்டிங் | 220–240 | 10–11 கிராம் | வாய்ப்புண், விழுங்கச் சிரமம் | கவிச்சி வாடை |
| பால் பவுடர் கரைத்த கொழுப்புப் பால் | 180 | 10 கிராம் | எந்த நாளும், எளிது | வயிற்றுப்போக்கு |
| எலும்பு சூப்பு (தெளிவு) | மிகக் குறைவு | மிகக் குறைவு | வாய்க்கு ருசி, உப்பு | "பலம்" என்ற நம்பிக்கை |
| டப்பா பவுடர், சரியான அளவில் | 170 | 6–7 கிராம் | பயணம், கிருமி பயம் உள்ள வாரம் | விலை, நீர்க்கக் கரைப்பது |

வீட்டுக் கணக்கில் எண்கள் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

## கஞ்சி

மதுரைப் பக்கம் உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் அடுப்பேறுவது கஞ்சிதான். அதில் தவறில்லை, பிசகு தண்ணீரில் இருக்கிறது. 15 கிராம் அரிசியை நிறையத் தண்ணீர் விட்டுக் காய்ச்சினால் ஒரு டம்ளரில் 50 கலோரி. அந்த அம்மா அதைக் குடித்துவிட்டு மதியம் வரை "வயிறு கம்முன்னு இருக்கு" என்பார்.

கஞ்சியை இப்படி மாற்றலாம். 150 மில்லி கொழுப்புப் பால் (ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட் போன்ற 6 சதவீதக் கொழுப்புள்ளது), 20 கிராம் சத்துமாவு, தோல் நீக்கி வறுத்துப் பொடித்த நிலக்கடலை ஒரு மேசைக்கரண்டி, நெய் ஒரு டீஸ்பூன், கருப்பட்டி கொஞ்சம். இது 300 கலோரியைத் தாண்டும், புரதம் 10 கிராமை எட்டும். சர்க்கரை நோய் இருந்தால் கருப்பட்டியை விட்டுவிட்டு உப்பும் சீரகமும் போடலாம். கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

இப்படிக் காய்ச்சினால் கெட்டியாகி நாக்கில் ஒட்டும். உடனே தண்ணீரை விட்டுத் தளர்த்துவார்கள், பழைய கதைக்கே போய்விடும். இதற்கு ஒரு கைவழி இருக்கிறது. கேழ்வரகை முளைகட்டி, வெயிலில் காயவைத்து, வறுக்காமல் அரைத்த மாவு ஒரு டீஸ்பூன் எடுத்து வையுங்கள். கெட்டிக் கஞ்சியை இறக்கி, கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கும்போது அதைத் தூவிக் கிளறினால் சில நிமிடங்களில் கஞ்சி இளகிவிடும். முளைத்த தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது, இளக்குவது அதுதான். கொதிக்கும்போது போட்டால் நொதி செத்துவிடும். வறுத்த மாவிலும் வேலை செய்யாது. கடையில் வாங்கும் வறுத்த சத்துமாவு இளகாததற்கு அதுவே காரணம். இளகிய பிறகு மறுபடி ஒரு கொதி விடுவது கட்டாயம், ஏனென்றால் பச்சை மாவில் கிருமி இருக்கலாம்.

இதற்கு மறைந்த செலவு உழைப்பு. முளைகட்டி, காயவைத்து, அரைத்து வைப்பது ஒரு நாளில் முடிகிற வேலையில்லை. கூடமாட ஆள் இருக்கும் வீட்டுக்குக் கஞ்சி நல்ல வழி. ஒற்றை ஆளாக மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைகிறவருக்கு நான் இதை முதல் யோசனையாகச் சொல்வதில்லை.

## முட்டை

ஒரு முட்டை 6 கிராம் புரதம், 70 கலோரிக்கு மேல், மூன்று நான்கு வாயில் முடிந்துவிடும். இடம் குறைவாக இருப்பவருக்கு விலையிலும் சத்திலும் இதைவிடக் கட்டான பொருள் நம் ஊரில் எளிதில் கிடைக்காது. ஆனால் பாதி வீடுகளில் "சூடு" என்றும் கொழுப்பு என்றும் மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் கொடுக்கிறார்கள். எடை இறங்கிக்கொண்டிருப்பவருக்குத் தேவைப்படும் கலோரியில் பெரும்பகுதி அந்த மஞ்சளில்தான் இருக்கிறது. மருத்துவர் தனியாகத் தடுத்திருந்தால் ஒழிய முழு முட்டையாகவே கொடுங்கள்.

மதுரைக்காரர்களிடம் ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கலக்கியும் ஆஃப்பாயிலும் சிகிச்சை முடியும் வரை வேண்டாம். மஞ்சள் முழுதும் கெட்டியாகும் வரை வேக வேண்டும். அரைவேக்காட்டு முட்டையில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா கிருமி, வெள்ளை அணு குறைந்தவரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிடும்.

வாய்ப்புண் வந்தவருக்கு நான் சொல்வது இட்லிச் சட்டியில் வேகவைக்கும் புட்டிங். ஒரு முட்டை, 100 மில்லி பால், ஒரு மேசைக்கரண்டி பால் பவுடர், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, ஏலக்காய் ஒரு சிட்டிகை. நன்றாக அடித்து, வடிகட்டி, சிறு கிண்ணத்தில் ஊற்றி மூடி, கால் மணி நேரம் ஆவியில் வைக்க வேண்டும். கத்தியை நடுவில் விட்டால் ஒட்டாமல் வர வேண்டும். ஈரமாக வந்தால் இன்னும் ஐந்து நிமிடம். ஃப்ரிட்ஜில் குளிரவைத்துக் கொடுத்தால் கவிச்சி வாடை எழாது. சூடான சாப்பாட்டில்தான் வாடை மூக்கில் ஏறும். ஆறினதில் அது அடங்கிவிடும். எவர்சில்வர் கரண்டி வாயில் இரும்பு ருசி தருகிறது என்பவருக்கு மரக் கரண்டியோ பிளாஸ்டிக் கரண்டியோ கொடுத்துப் பாருங்கள்.

முட்டை தொடாத வீடுகளில் இதே இடத்துக்கு, துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த கெட்டித் தயிரோ பனீரோ வரும்.

## பால்

கொழுப்புப் பால் ஒரு டம்ளரில் இரண்டு மேசைக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைத்தால் அளவு கூடாமலே புரதம் இரட்டிப்பாகிவிடும். இந்தப் பாலையே வீட்டுப் பாலாக வைத்துக்கொண்டு காபி, கஞ்சி, உறை ஊற்றும் தயிர் எல்லாவற்றுக்கும் எடுக்கலாம். நோயாளி எதையும் கூடுதலாகச் சாப்பிட வேண்டியதில்லை. ஐந்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் இதில் "இன்னும் ஒரு வாய்" என்ற சண்டை கிடையாது. வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். டீக்கு வாங்கும் வெள்ளைப் பவுடரில் பெரும்பாலும் சர்க்கரை சேர்ந்திருக்கும், புரதம் குறைவு.

இடறுவது வயிற்றில். சில கீமோ மருந்துகளும் அடிவயிற்றுக் கதிர்வீச்சும் குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும். பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை அப்போது செரிக்காது. பால் குடித்த சில மணி நேரத்தில் வயிறு இரைந்து, உப்பி, தண்ணீராகப் போனால் இதுவாக இருக்கலாம். இரண்டு மூன்று நாள் பாலை நிறுத்திப் பாருங்கள். நின்றால் விடை கிடைத்தது. தயிரில் லாக்டோஸ் குறைவு என்பதால் பலர் அதைத் தாங்குவார்கள். நிற்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

பால் என்றதும் ஜிகர்தண்டாவைப் பற்றியும் கேட்பார்கள். வாய் எரிகிறவருக்குக் குளிர்ச்சி இதம்தான். ஆனால் கடை ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று நமக்குத் தெரியாது. இன்னொன்று, பாதாம் பிசின் தண்ணீரை உறிஞ்சி ஊதும். வயிற்றிலும் இடத்தை அடைத்துக்கொள்ளும், கொடுப்பதோ மிகக் கொஞ்சம். வீட்டில் சுண்டக் காய்ச்சிய பாலில் நன்னாரி சர்பத் விட்டு, பிசின் இல்லாமல் குளிரவைத்துக் கொடுங்கள். சாப்பிடுகிறவருக்கு அந்த ஞாபகமும் கிடைக்கும்.

## சூப்பு

ஆட்டுக்கால் சூப்பு குடித்தால் எலும்புக்குப் பலம் என்பது நம் நெஞ்சில் ஊறிய நம்பிக்கை. அதைக் காய்ச்சுகிறவர் நான்கு மணி நேரம் அடுப்படியில் அன்போடு நிற்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: தெளிவாக வடித்த சூப்பில் பெரும்பகுதி தண்ணீர். அதில் இறங்கும் புரதம் பெரும்பாலும் ஜெலட்டின். தசை கட்டத் தேவையான டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் அதில் இல்லை. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் ஒரு பெரிய டம்ளர் கொடுத்தால் அந்த வேளைச் சாப்பாடு போயிற்று.

சூப்பை விட மனமில்லை என்றால் கறியை உள்ளே போடுங்கள். எலும்பில்லாத கோழி 50 கிராம், பாசிப்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, இரண்டையும் குழைய வேகவைத்து, மிளகைக் குறைத்து, மிக்ஸியில் அரைத்து, நெய் விட்டு ஒரு டம்ளராகக் கொடுத்தால் புரதம் 12 கிராமைத் தொடும். வாய்ப்புண் இருந்தால் மிளகே வேண்டாம்.

## டப்பா பவுடர்

கேலி செய்யவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். சத்து சமமாகக் கலந்த பவுடர் 50 கிராமுக்குச் சற்று மேல் எடுத்து 200 மில்லியாகக் கரைத்தால் ஏறக்குறைய 230 கலோரி, 8 அல்லது 9 கிராம் புரதம். பால் பவுடர் சேர்த்த பால் புரதத்தில் அதற்குக் குறைந்ததில்லை. பவுடரில் கூடுதலாக வருவது விட்டமின்களும் தாதுக்களும், காய்ச்சி ஆறிய தண்ணீர் போதும் என்ற சௌகரியமும். ஐந்து வாரம், ஆறு வாரம் கதிர்வீச்சுக்கு வாரத்தில் ஐந்து நாள் பஸ் ஏறி வருகிறவருக்கு அந்தச் சௌகரியம் பெரிது.

நான் பார்க்கும் தவறுகள் இரண்டு. டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று ஒரு டம்ளருக்கு ஒரு கரண்டி போடுவார்கள். 400 கிராம் டப்பா சரியான அளவில் ஏழு டம்ளருக்குத்தான் வரும். ஒரு டப்பா ஒரு மாதம் வந்தால் அவர் குடித்தது நிறமும் மணமும்தான். காசு நெருக்கமாக இருந்தால் நீர்க்கக் கொடுக்காதீர்கள். நாளுக்கு ஒரு டம்ளர் சரியாகக் கொடுத்து, மற்றதைப் பாலிலும் முட்டையிலும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது, குழந்தைகளுக்குப் பாலில் கலக்கும் மால்ட் பவுடரை இதே வகை என்று வாங்குவது. அதில் சர்க்கரைதான் தூக்கல். ஜிம்முக்குப் போகிறவர்கள் குடிக்கும் வே புரதமும் வேறு. புரதம் மிகுதி, கலோரி போதாது. சர்க்கரை நோய்க்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் தனித்தனி வகைகள் இருப்பதால், வாங்கும் முன் மருத்துவரிடமோ டயட்டீஷியனிடமோ கேட்டுவிடுங்கள்.

## அந்த அத்தைக்கு என்ன செய்தோம்

மருமகளிடம் முந்தைய நாள் சாப்பிட்டதை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். காபி, கஞ்சி, இரண்டு கரண்டி ரசம் சாதம், சூப்பு, ஒரு இட்லி, தண்ணீர் விட்ட பால். கூட்டினால் 400 கலோரியை ஒட்டி, புரதம் 12 கிராம். அளவில் அது ஏறக்குறைய ஒரு லிட்டர். "இவ்வளவு குடிக்கிறாகளே, ஏன் இளைக்கிறாக?" என்று அவர் கேட்டதற்குப் பதில் அந்தத் தாளில் இருந்தது.

அதே வயிற்று இடத்தில் ஏழு சிறு வேளைகள் வைத்தோம். விடிந்ததும் கெட்டிப் பாலில் காபி. ஒன்பது மணிக்கு ஒரு இட்லி, நிலக்கடலைப் பொடியில் இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய் குழைத்து. பதினொரு மணிக்குப் பால் கஞ்சி அரை டம்ளர். மதியம் நான்கு கரண்டி சாதம், கெட்டிப் பருப்பு, நெய், மசித்த அவித்த முட்டை ஒன்று. நான்கு மணிக்குப் புட்டிங் அரைக் கிண்ணம், இரவு தயிர்சாதம் கொஞ்சம், படுக்கும் முன் டப்பா பவுடர் ஒரு காபி டம்ளர். ரசமும் தண்ணீரும் சாப்பாட்டோடு இல்லை, இடைநேரத்தில் வாய் வாயாக. எல்லாம் இறங்கிய நாளில் இது 1,200 கலோரியைத் தாண்டியது, புரதம் 43 கிராம்.

எல்லா நாளும் இறங்கவில்லை. கீமோ போட்ட முதல் நான்கு நாள் ஏழு வேளையில் மூன்றுதான் உள்ளே போனது. அந்த நாட்களில் பிடித்த பண்டத்தைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். குமட்டலோடு சேர்ந்து சாப்பிட்டது மனத்தில் குமட்டலாகவே பதிந்து, பின்னால் நல்ல நாளிலும் அதைப் பார்த்தாலே வேண்டாம் என்று தோன்றும். அத்தைக்குப் பிடித்தது கோழிக் குழம்பு. அதை மூன்றாவது வாரத்துக்கு ஒதுக்கிவைத்தோம். நடு வாரம் முழுக்கப் புதிதாகச் சமைத்தது, டப்பா பவுடர், நன்கு வெந்த முட்டை மட்டும். மூன்றாவது வாரம் நாக்குக்கு ருசி திரும்பியதும் குழம்புக் கறியை உதிர்த்துச் சாதத்தில் பிசைந்து கொடுத்தார் மருமகள். அந்த வாரத்தில்தான் உண்மையில் எடை பிடிக்க முடியும். நான்காவது கீமோவுக்கு வந்தபோது 44.5 கிலோ. அரைக் கிலோதான். இறக்கம் நின்றதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

## எதைக் கொடுப்பது என்ற கேள்வியே தவறாகும் இடங்கள்

நாக்கில் வெள்ளைப் படலம், பல நாள் மலச்சிக்கல், அடங்காத வலி, எழுதிக் கொடுத்தும் போடாமல் விட்ட வாந்தி மாத்திரை. இவற்றில் ஏதாவது இருந்தால் உணவை மாற்றிப் பயனில்லை, முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். சாப்பாடு தொண்டையிலோ நெஞ்சிலோ நிற்கிறது, குடிக்கும்போது இருமல் வருகிறது என்றால் வாய்வழி வற்புறுத்தாதீர்கள். மூக்கு வழிக் குழாய் தேவைப்படலாம், அதை மருத்துவர் முடிவு செய்வார். ஐந்தாறு நாளாக ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவருக்கு ஒரேயடியாக நிறையக் கொடுப்பதும் ஆபத்து. இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயத்தைப் பாதிக்கும். அவருக்கு மருத்துவர் பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். காய்ச்சல் வந்தால் இரவானாலும் ஆஸ்பத்திரிக்கு.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, காலையில் கழிவறை போய்விட்டு வந்து எடை பாருங்கள். ரேஷன் கடைத் தராசோ பக்கத்து மருந்துக்கடைத் தராசோ, ஒரே தராசாக இருக்கட்டும். கால் வீங்கியிருந்தால் எடை ஏறியதாகக் காட்டும், அதை நம்பாதீர்கள். சிகிச்சை தொடங்கிய எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்துவிட்டால், அதாவது 50 கிலோவுக்கு இரண்டரைக் கிலோ, அடுத்த தேதி வரை காத்திராமல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். போகும்போது முந்தைய நாள் என்ன சாப்பிட்டார் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.